கதவு சாத்தியிருக்கும் ஒரு மணி நேரம்

மருந்து மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்துக்குக் கணினி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பில் போடும் டேட்டாபேஸ் குடோன் சர்வரில் இருந்தது. அன்றைய விற்பனையையும் இருப்பையும் அதிலிருந்து எடுத்து, விற்பனைப் பிரதிநிதிகள் செல்போனில் பார்க்கும் இன்னொரு டேட்டாபேஸில் சேர்ப்பது என் புரோகிராமின் வேலை. இரவு 12.45க்குத் தொடங்கினால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். 1 மணிக்கு பில்லிங் டேட்டாபேஸை நிறுத்திவிட்டு பேக்கப் எடுப்பார்கள்; 2 மணி வரை யாரும் உள்ளே போக முடியாது.

ஒரு மாதக் கடைசியில் பில்கள் குவிந்திருந்தன. காலையில் ஒரு பிரதிநிதி போன் செய்தார். "சார், போன்ல இன்சுலின் இருக்குன்னு காட்டுச்சு, கடைக்காரர்கிட்ட சொல்லிட்டேன். குடோன்ல தீர்ந்துபோச்சுங்கிறாங்க."

லாகைத் திறந்தேன். 1 மணிக்குப் பாதியில் இணைப்பு அறுந்திருந்தது. பிறகு வரிசையாக `Connection refused`. சர்வர் விழித்திருக்கிறது, ஆனால் டேட்டாபேஸ் ஓடவில்லை என்பதற்கான பதில் இது. கேட்ட மாத்திரத்தில் வந்துவிடும். தவறினால் 1, 2, 4, 8, 16 நிமிஷம் விட்டு ஐந்து முறை முயலும்படி எழுதியிருந்தேன். அந்த முயற்சிகள் விழுந்த நேரம் 1.01, 1.03, 1.07, 1.15, 1.31. ஐந்துமே பேக்கப் நேரத்துக்குள். கதவு திறக்க அரைமணி இருக்கும்போதே புரோகிராம் கைவிட்டிருந்தது. எத்தனை முறை என்று எண்ணியதுதான் பிழை. எத்தனை மணி வரை என்று கேட்டிருக்க வேண்டும்.

ஓடும் நேரத்தை 2.15க்கு மாற்றினேன். புரோகிராம் இருந்த சர்வர் யூடிசி நேரத்தில் ஓடியது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அதனால் கிரானில் இப்படி எழுத வேண்டியிருந்தது:

```
45 20 * * *
```

இணைப்பு மறுக்கப்பட்டால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை, 5.30 வரை முயல வேண்டும்; அதற்கும் கிடைக்காவிட்டால்தான் எனக்குச் செய்தி. பாஸ்வேர்டு தவறு என்று பதில் வந்தால் மறுமுயற்சியே கூடாது. அது காத்திருந்தால் சரியாகாது, கணக்குதான் பூட்டிக்கொள்ளும்.

இதைவிட மோசமான பிழை ஒன்று ஒளிந்திருந்தது. 'எதுவரை எடுத்தாயிற்று' என்ற குறியை, வேலை தொடங்கும்போதே 12.45 என்று எழுதிவைத்தது என் புரோகிராம். அடுத்த இரவு அதற்குப் பிந்தைய பில்களை மட்டுமே எடுத்தது. அறுந்துபோன மீதிப் பாதி வரவே இல்லை, பிழைச்செய்தியும் இல்லை. அந்த நாளின் பில்களை இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்தபோதுதான் துண்டு விழுந்தது தெரிந்தது. இப்போது எல்லாம் சேர்ந்த பிறகே குறி நகரும். பில் எண்ணை வைத்துச் சேர்ப்பதால், ஒரே பில் இரண்டுமுறை வந்தாலும் பழையதன் மேலேயே எழுதப்படும், கணக்கு இரட்டிக்காது.

சில வாரம் கழித்து ஓர் இரவு பேக்கப் 2.40 வரை இழுத்தது. லாகில் 2.15, 2.25, 2.35 மூன்றும் மறுப்பு. 2.45க்கு உள்ளே போய், மூன்று மணிக்குள் முடித்திருந்தது. காலையில் லாகைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும்.