பட்டறைக் கணக்கு – 9: அறுபது அடிபம்பும் முப்பது பேரிங்கும்

சென்ற இதழில் ஒரு பொருளின் பாகப் பட்டியலை எப்படி எழுதுவது என்று பார்த்தோம். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எதை, எத்தனை, எந்த வாரம் வாங்க வேண்டும் என்று இந்த வாரம் கணக்கிடுவோம். எடுத்துக்கொள்ளும் பொருள், புதுக்கோட்டை மாவட்டத்தில் எல்லோரும் ஒரு முறையாவது அடித்திருக்கக்கூடிய அடிபம்பு.

ஊருக்கு ஊர் நிற்கும் அந்தப் பம்புக்கு இந்தியா மார்க் II என்று பெயர். 1970களின் பிற்பாதியில் யுனிசெஃப் துணையோடு உருவானது. கோவைப் பகுதியில் ஆழ்துளைக் கிணறுகளில் சோதித்துப் பார்த்த பிறகு, சென்னையில் இருந்த அரசு நிறுவனமான ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் அதைத் தயாரித்தது. தலைப்பகுதி, கைப்பிடி, தண்ணீர்த் தொட்டி, தரையில் பதிக்கும் ஸ்டாண்டு, கிணற்றுக்குள் இறங்கும் சிலிண்டர் எல்லாம் ஒரு பம்புக்கு ஒன்று. கைப்பிடிக்குள் மட்டும் 6204 என்ற எண்ணுள்ள பால் பேரிங் இரண்டு. குழாயும் கம்பியும் 3 மீட்டர் துண்டுகளாக வரும். விராலிமலைப் பக்கம் பாறையில் போட்ட போருக்கு எத்தனை துண்டு என்பதைக் கிணற்றின் ஆழம்தான் சொல்லும். ஆகவே அவற்றைப் பம்பின் பட்டியலில் சேர்க்காமல் ஒவ்வொரு ஆர்டரிலும் தனியாக எழுதுவதே சரி.

திருச்சி எல்லையை ஒட்டிய மாத்தூர் சிட்கோ பேட்டையில், திருச்சி பெல் ஆலையின் கொதிகலன் வேலைகளை நம்பி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு பட்டறைக்கு 60 பம்பு ஆர்டர் வருவதாக வைத்துக்கொள்வோம். 10வது வாரத் தொடக்கத்தில் பம்புகள் தயாராக இருக்க வேண்டும்.

ஸ்டோரில் இருப்பவர் முதலில் போடும் கணக்கு இப்படி இருக்கும்: 60 பம்பு, பம்புக்கு 2 பேரிங், ஆக 120. உதிரியாக 20 பேரிங் கேட்டு ஒரு ஊராட்சி ஒன்றியத்தின் ஆர்டரும் கையில் இருக்கிறது. மொத்தம் 140. கையிருப்பு 30, ஏற்கெனவே ஆர்டர் போட்டு வரவேண்டியது 40. மீதி 70 வாங்க வேண்டும். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனாலும் 40 பேரிங் அதிகம்.

கணக்கை மேலிருந்து படிப்படியாக இறக்கினால் காரணம் தெரியும். 60 பம்பு என்பது மொத்தத் தேவை. முடித்து வைத்த பம்பு 8 குடோனில் நிற்கிறது. நிகரத் தேவை 52. பம்பைப் பூட்ட ஒரு வாரம் ஆகும். எனவே பூட்டும் வேலையை 9வது வாரம் தொடங்க வேண்டும், கைப்பிடிகள் அன்றைக்குக் கைக்கு வந்திருக்க வேண்டும்.

இப்போது கைப்பிடிக்கு இறங்குவோம். அதன் மொத்தத் தேவை 60 இல்லை, 52. தயாராக இருக்கும் கைப்பிடி 12. செய்ய வேண்டியது 40. இரும்பை வெட்டி, பேரிங் உட்காரும் கூட்டைக் கடைந்து, வெல்டு செய்து, வெளியே கால்வனைசிங்குக்கு அனுப்பி வாங்கி, பேரிங் பூட்டி முடிக்க இரண்டு வாரம். கைப்பிடி வேலை 7வது வாரம் தொடங்குகிறது. வேலையோடு சேர்த்தே பேரிங்கை ஸ்டோரிலிருந்து கொடுத்துவிடுவது அந்தப் பட்டறையின் வழக்கம் என்று கொள்வோம்.

ஆகவே 7வது வாரத் தேவை 80 பேரிங். ஒன்றியத்துக்கு 5வது வாரமே 20 போக வேண்டும். கையிருப்பு 30இல் அது போனால் மிச்சம் 10. 6வது வாரம் 40 வந்து சேர்ந்தால் 50. 80க்குக் குறைவது 30தான். பேரிங் வர மூன்று வாரம் பிடிக்குமானால் 4வது வாரம் 30க்கு ஆர்டர் போட வேண்டும். ஸ்டோர்காரர் கணக்கில் கூடிய 40 பேரிங்கும் ஏற்கெனவே செய்து வைத்த 8 பம்பிலும் 12 கைப்பிடியிலும் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் இருப்பைக் கழித்த பிறகே அடுத்த படிக்கு இறங்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

கணக்கின் மறுபாதி காலம். வரவேண்டிய அந்த 40, 6வது வாரத்துக்குப் பதில் 8வது வாரம் வருவதாக இருந்தால்? மொத்தக் கூட்டலில் எதுவும் மாறாது. ஆனால் 7வது வாரம் கையில் 10தான் இருக்கும், 70 குறையும். உடனே 70க்கு ஆர்டர் போடுவது தவறு. அதில் 40 புதிதாக வாங்க வேண்டிய சரக்கே அல்ல, தாமதமாக வரும் சரக்கு. வியாபாரியிடம் பேசி அதை முன்னதாக வரவழைக்க வேண்டும், புதிய ஆர்டர் 30க்கு மட்டும். பொருள் தேவைத் திட்டமிடல், சுருக்கமாக எம்.ஆர்.பி., என்னும் இந்த முறைக்கான மென்பொருள்கள் 'புதிதாக வாங்கு' என்பதையும் 'தேதியை முன்னே இழு' என்பதையும் தனித்தனிச் செய்தியாகக் காட்டுவது இதற்காகவே.

இந்த முறைக்கு வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஜோசப் ஓர்லிக்கி. 1960களில் அமெரிக்காவில் ஜே.ஐ. கேஸ் என்ற டிராக்டர் நிறுவனத்தில் கணினி கொண்டு இதைச் செய்தார், 1975இல் புத்தகமாக எழுதினார். அவர் வற்புறுத்திய வேறுபாடு நம் பட்டறைக்கும் அப்படியே பொருந்தும். ஒன்றியம் கேட்கும் உதிரி பேரிங்கை முன்கூட்டி ஊகிக்கத்தான் முடியும். கைப்பிடிக்கு வேண்டிய பேரிங்கை ஊகிக்க வேண்டியதே இல்லை, கணக்கிட்டுவிடலாம். 'இருப்பு 25க்குக் கீழே இறங்கினால் ஆர்டர் போடு' என்ற பழைய விதி, கணக்கிடக்கூடியதையும் ஊகமாக்கிவிடுகிறது. பல வாரம் யாரும் தொடாத பெட்டியிலிருந்து ஒரே நாளில் 80 கேட்கும்போது அந்த விதி உதவாது.

இவ்வளவும் சரியாகச் செய்தும் கணக்கு கவிழும் இடங்கள் உண்டு. முதலாவது இருப்புப் பதிவு. ஏட்டில் 30, பெட்டியில் 18 என்று வையுங்கள். அவசர ரிப்பேருக்குச் சீட்டு எழுதாமல் யாரோ 12 எடுத்துவிட்டார். ஒன்றியத்துக்குக் கொடுக்கும்போதே இரண்டு குறையும். அதை யாரும் ஏட்டில் தேடிப் பார்க்காவிட்டால் 7வது வாரம் 12 பேரிங் குறையும், ஆறு கைப்பிடி நிற்கும், ஆறு பம்பு தவணைக்குப் போகாது. அப்போது ஆர்டர் போட்டால் சரக்கு 10வது வாரம்தான் வரும். ஆண்டுக்கு ஒருமுறை கடையை மூடி மொத்தமாக எண்ணுவது இதற்கு உதவாது. வாரம்தோறும் சில பெட்டிகளை மட்டும் எண்ணி, வித்தியாசம் கண்ட அன்றே காரணத்தைத் தேட வேண்டும்.

இரண்டாவது லீட் டைம். பேரிங்குக்கு 3, கைப்பிடிக்கு 2, பூட்ட 1 என்று மொத்தம் ஆறு வாரம். 10இலிருந்து ஆறு போனால் 4. இந்த ஆர்டர் 5வது வாரம் கைக்கு வந்திருந்தால், பேரிங் ஆர்டர் போட வேண்டிய நாள் அப்போதே கடந்திருக்கும். ஆகவே வாடிக்கையாளரிடம் தேதி சொல்லும் முன்பே பார்க்க வேண்டிய எண் இந்த ஆறு.

கைப்பிடியின் இரண்டு வாரத்தில் பெரும்பகுதி வேலை நேரம் அல்ல, கால்வனைசிங் தொட்டிக்கு முன் வரிசையில் காத்திருக்கும் நேரம். ஒருமுறை தாமதமானதும் 'பாதுகாப்புக்கு நான்கு வாரம் என்று போட்டுவிடுவோம்' என்று தோன்றும். போட்டால் பேரிங் ஆர்டர் 2வது வாரத்துக்குப் போகும், கைப்பிடி வேலை 5வது வாரமே இறங்கும். எல்லாப் பாகத்துக்கும் இப்படிச் செய்தால் பட்டறைத் தரை பாதி வேலைகளால் நிரம்பும். தொட்டிக்கு முன் வரிசை நீளும், நான்கு வாரமும் போதாமல் போகும். எம்.ஆர்.பி. கணக்குக்குத் தொட்டியின் கொள்ளளவும் தெரியாது, வெல்டர் எத்தனை பேர் என்பதும் தெரியாது. அதைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

சரியான எண்ணுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கைப்பிடி வெளியே போன டெலிவரி சலானிலும் திரும்பி வந்த சலானிலும் தேதி இருக்கிறது. கடைசிப் பத்துப் பதினைந்து முறைக்கு அந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலானவை ஏழெட்டு நாளில் திரும்பி, ஒன்றிரண்டு மட்டும் மூன்று வாரம் இழுத்திருந்தால், கோளாறு லீட் டைமில் இல்லை. அந்த ஒன்றிரண்டு முறை எந்த மாதம், என்ன சரக்கோடு சேர்த்து அனுப்பினோம் என்று பார்க்க வேண்டும்.