2008-இல் யாரிடமும் இல்லாத பட்டியல்

பங்குச் சந்தையில் புதிதாக ஒரு உத்தி கண்டுபிடித்தவர் முதலில் செய்வது பேக்டெஸ்ட். பழைய விலைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, "இந்த விதிப்படி 2008-இலிருந்து வாங்கி விற்றிருந்தால் இன்று கையில் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்பது. விடை பெரும்பாலும் நன்றாகத்தான் வரும். அதே உத்தியில் சொந்தப் பணத்தைப் போட்டதும் ஏன் அப்படி வருவதில்லை என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் இரண்டு, உத்தியை எழுதத் தொடங்கும் முன்பே, தரவிறக்கிய கோப்புக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவை.

வழக்கமாக நடப்பது இதுதான். இன்றைய நிஃப்டி 50 பட்டியலை எடுத்து, அந்த ஐம்பது நிறுவனங்களின் பழைய விலைகளை இறக்கி, 2008 ஜனவரியிலிருந்து சோதனையை ஓட்டுகிறார்கள். ஆனால் 2008 ஜனவரியில் நிஃப்டியில் இருந்தவை வேறு ஐம்பது. அதில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் இருந்தது. யூனிடெக் இருந்தது. அந்த மாதம் 800 ரூபாயைத் தாண்டிய ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் இருந்தது. 500 ரூபாய்க்கு மேல் போன யூனிடெக்கும், இந்த ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் பின்னாளில் ஓரிரு ரூபாய்க்கு வந்து நின்றன. அன்று நிஃப்டியை நம்பி வாங்கியவர் இவற்றையும் சேர்த்தே வாங்கியிருப்பார். இன்றைய பட்டியலை வைத்துச் சோதிப்பவருக்கு இவை கண்ணிலேயே படாது.

மறுபக்கமும் உண்டு. இன்றைய நிஃப்டியில் உள்ள பஜாஜ் ஃபைனான்ஸ் 2008-இல் பஜாஜ் ஆட்டோ ஃபைனான்ஸ் என்ற பெயரில் இருந்த சிறிய நிறுவனம். நிஃப்டிக்குள் வந்தது 2017-இல். அதற்குள் விலை பல மடங்கு ஏறியிருந்தது. ஏறியதால்தான் உள்ளே வந்தது. 2008-இன் நூற்றுக்கணக்கான சிறு நிறுவனங்களுக்கு நடுவே இதைப் பொறுக்கி எடுத்தது நமது உத்தி அல்ல, பட்டியல். தோற்றவை கழிந்து, ஜெயித்தவை மட்டும் மிஞ்சிய கோப்பில் வரும் இந்தக் கோணலுக்குத்தான் சர்வைவர்ஷிப் பயஸ் என்று பெயர்.

இது எல்லா உத்திகளையும் ஒரே அளவில் ஏமாற்றுவதில்லை. மிக மோசமாக ஏமாறுவது "விழுந்தால் வாங்கு" வகை. ஒரு பங்கு சடாரென்று 40 சதவீதம் சரிந்தால் வாங்கி, மூன்று ஆண்டு வைத்திருப்பது ஒருவருடைய விதி என்று வைத்துக்கொள்வோம். இந்த விதி இருபது முறை வாங்கச் சொன்னது. பதினான்கு பங்குகள் 60 சதவீதம் ஏறின. ஆறு, பூஜ்யமாகிச் சந்தையை விட்டே போயின. ஒவ்வொன்றிலும் ஒரு லட்சம் போட்டிருந்தால் 20 லட்சம் 22.4 லட்சம் ஆகியிருக்கும். மூன்று ஆண்டில் 12 சதவீதம். வங்கி டெபாசிட்டே மேல். ஆனால் செத்துப்போன அந்த ஆறும் கோப்பில் இல்லை. எனவே சோதனையின் கணக்கில் பதினான்கு முறை வாங்கல், பதினான்கிலும் லாபம், 60 சதவீதம் வருமானம். எந்தப் பங்குகளை வாங்கியதால் இந்த விதி அடிவாங்கியதோ, சரியாக அவைதான் காணாமல் போயிருக்கின்றன.

எண்கள் என் உதாரணம், நடப்பு உண்மை. 2018 செப்டம்பர் 21 அன்று, ஐஎல் அண்ட் எஃப்எஸ் கடன் தவணை தவறிய பதற்றத்தில், வீட்டுக்கடன் நிறுவனமான டிஹெச்எஃப்எல் ஒரே நாளில் 42 சதவீதம் சரிந்து 350 ரூபாய் அளவில் முடிந்தது. விழுந்தால் வாங்கும் எந்த விதியும் அன்று மாலை அதைக் கைகாட்டியிருக்கும். 2021-இல் நிறுவனம் பிரமல் குழுமத்துக்குப் போனது. பங்குகளின் மதிப்பு பூஜ்யம் என்று தீர்மானிக்கப்பட்டு, பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. இன்று வர்த்தகமாகும் பங்குகளின் பட்டியலில் தேடினால் டிஹெச்எஃப்எல் கிடைக்காது.

அதற்காக, காணாமல் போனவை எல்லாம் பூஜ்யம் என்று எழுதிவிடவும் கூடாது. சத்யத்தையே பாருங்கள். 2009 ஜனவரி 7 அன்று தலைவர் ராமலிங்க ராஜு கணக்குகள் பொய் என்று ஒப்புக்கொண்டு கடிதம் எழுத, 180 ரூபாய் அளவில் இருந்த பங்கு அன்றே 40 ரூபாய்க்கு விழுந்தது. ஆனால் நிறுவனம் மகிந்திரா குழுமத்தின் கைக்குப் போய், 2013-இல் டெக் மகிந்திராவோடு இணைந்தது. 17 சத்யம் பங்குக்கு 2 டெக் மகிந்திரா பங்கு தரப்பட்டது. 40 ரூபாயில் வாங்கத் துணிந்தவருக்கு நஷ்டமில்லை, நல்ல லாபமே. வேடிக்கை என்னவென்றால், நிஃப்டியில் சத்யத்தின் இடத்தில் உட்காரவைக்கப்பட்டது ரிலையன்ஸ் கேபிடல். பிற்பாடு அதுதான் திவாலாகி, பங்குதாரர்களுக்கு ஒன்றும் மிஞ்சாமல் போனது. இரண்டு பெயரும் இன்று சந்தையில் இல்லை. ஆனால் இரண்டின் முடிவும் ஒன்றல்ல. செத்தவற்றின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, எப்படிச் செத்தன, கடைசியில் பங்குதாரர் கைக்கு என்ன வந்தது என்பதும் கோப்பில் இருக்க வேண்டும்.

யோசித்துப் பார்த்தால், 2008 சோதனையில் இன்றைய பட்டியலைப் பயன்படுத்துவது, அன்று யாருக்கும் தெரியாத ஒரு செய்தியை முன்கூட்டியே பார்ப்பதுதான். அந்த வகையில் இது இரண்டாவது பிழையின் ஒரு கிளை. லுக்-அஹெட் பயஸ் என்கிறார்கள்: முடிவெடுக்கும் நாளில் கிடைத்திராத தகவல் எப்படியோ கணக்குக்குள் வந்துவிடுவது. விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுவது போல. என்ன, இங்கே எழுதுபவருக்கே அது தெரிவதில்லை.

அதிகம் நுழையும் வழி, நிதிநிலைக் கணக்குகள். இணையதளங்களின் அட்டவணையில் "மார்ச் 2009" என்று தலைப்பிட்டு ஒரு நிரல் இருக்கும். சோதனை எழுதுபவர் ஏப்ரல் 1, 2009 அன்று அந்த லாபம் தெரியும் என்று எடுத்துக்கொள்வார். மார்ச் 31-இல் முடியும் ஆண்டின் கணக்கை வெளியிட இன்று நிறுவனங்களுக்கு 60 நாள் அவகாசம் உண்டு; பல மே மாதத்தில்தான் வெளியிடுகின்றன. சத்யம் இதன் உச்சம். அதன் 2008-09 கணக்கு வெளியானது 2010 செப்டம்பர் கடைசியில். ஒன்றரை ஆண்டு கழித்து வந்த எண், கோப்பில் "மார்ச் 2009" என்ற தலைப்பின் கீழ் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

சத்யத்தில் இன்னும் நுட்பமான ஒரு பொறி இருக்கிறது. ராஜுவின் கடிதப்படி, 2008 செப்டம்பர் இறுதியில் ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி என்று புத்தகத்தில் காட்டியதில் 5,040 கோடி இல்லவே இல்லை. அந்தக் காலாண்டின் செயல்பாட்டு லாப விகிதம் 24 சதவீதம் என்று அறிவித்திருந்தார்கள். உண்மை 3 சதவீதம். "ரொக்கம் நிறைய, லாப விகிதம் 20-க்கு மேல்" என்று வடிகட்டும் ஒரு விதி 2008 நவம்பரில் சத்யத்தை வாங்கியிருக்கும். வாங்கித்தான் ஆக வேண்டும். கோப்பைத் தயாரித்தவர் நல்லெண்ணத்தோடு 24-ஐ அடித்து 3 என்று திருத்தி வைத்தால், விதி சத்யத்தைத் தவிர்த்துவிட்டு ஞானி போலக் காட்சி தரும். சோதனைக்கு வேண்டியது பின்னால் தெரிந்த உண்மை அல்ல. அன்று சந்தை நம்பிய எண், அது பொய்யாகவே இருந்தாலும்.

விலையிலும் இதே சங்கதி. 1993-இல் இன்ஃபோசிஸ் பொதுவெளியீட்டில் பங்கு 95 ரூபாய்; பட்டியலானபோது 145. அடுத்தடுத்த போனஸ், பிரிப்புகளால் அன்றைய 100 பங்கு 2018-க்குள் 1,02,400 பங்கானது. வரைபடம் தொடர்ச்சியாகத் தெரிய, இணையதளங்கள் பழைய விலைகளை 1,024 ஆல் வகுத்துக் காட்டுகின்றன. 95 ரூபாய் சுமார் 9 பைசா ஆகிறது. ஏற்ற இறக்கத்தைச் சதவீதத்தில் கணக்கிட இது சரியான முறைதான். ஆனால் "10 ரூபாய்க்குக் கீழ் உள்ள பங்குகளை வாங்கு" என்று ஒரு விதி எழுதிப் பாருங்கள். 1993-இல் அது இன்ஃபோசிஸை அள்ளிக்கொள்ளும். அன்று எந்தத் தரகரிடமும் அந்த விலை இல்லை. மீண்டும் மீண்டும் போனஸ் தந்த நிறுவனம் என்றால் பெரும்பாலும் வளர்ந்த நிறுவனம்; ஆக, வகுத்த விலை குறைவாக இருப்பதே எதிர்கால வெற்றியின் அடையாளமாகிவிடுகிறது.

கையிலிருக்கும் கோப்பு எப்படிப்பட்டது என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. அதில் `DHFL`, `RELCAPITAL`, `SATYAMCOMP` என்று தேடுங்கள். மூன்றும் இல்லையென்றால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம். அடுத்து, எந்த உத்தியும் இல்லாமல், கோப்பில் உள்ள எல்லாப் பங்குகளையும் சம அளவில் வாங்கி வைத்திருந்தால் என்ன வரும் என்று ஓட்டுங்கள். அதை டிவிடெண்ட் சேர்த்த நிஃப்டி 500 குறியீட்டோடு ஒப்பிடுங்கள். சம அளவில் வாங்குவதாலேயே கொஞ்சம் வித்தியாசம் வரும். ஆனால் ஒன்றுமே செய்யாமல் குறியீட்டை ஆண்டுதோறும் பெரிய வித்தியாசத்தில் முந்தினால், அந்த உபரியில் பெரும்பகுதி செத்தவற்றை மறைத்ததால் வந்தது.

எதிர்காலக் கசிவுக்கு வேறொரு சோதனை. தரவை 2015 டிசம்பரோடு வெட்டி உத்தியை ஓட்டி, அது சொன்ன வாங்கல் விற்றல்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முழுத் தரவிலும் ஓட்டுங்கள். 2015 வரையிலான ஆணைகள் இரண்டிலும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மாறியிருந்தாலும், பின்னால் வந்த ஏதோ ஒரு எண் பழைய முடிவைத் தொட்டிருக்கிறது என்று பொருள். ஆனால் இது நிரலில் உள்ள கசிவைத்தான் பிடிக்கும். கோப்பிலேயே தேதி தவறாக ஏறியிருந்தால் இரண்டு ஓட்டத்திலும் ஒரே தவறு வரும். வெட்டிப் பார்ப்பதால் தெரியாது.

மாற்று என்ன? தேசியப் பங்குச் சந்தை தினமும் வெளியிடும் பவ்காப்பி கோப்பு. அன்று வர்த்தகமான எல்லாப் பங்குகளும் அன்றைய விலையிலேயே அதில் இருக்கும், பின்னாளில் செத்தவையும் சேர்த்து. பழைய நாட்களின் கோப்புகளும் கிடைக்கின்றன. நிஃப்டி மாற்ற அறிவிப்புகளைத் தேதிவாரியாக அடுக்கினால் எந்த நாளில் யார் உள்ளே, யார் வெளியே என்ற பட்டியலும் தயாராகிவிடும். வேலைதான் அதிகம். போனஸ், பிரிப்பு, டிவிடெண்ட், இணைப்பு எல்லாவற்றையும் நாமே சேர்க்க வேண்டும். குறியீட்டுப் பெயர் மாறியவற்றைக் கோக்க வேண்டும்: இன்ஃபோசிஸ் 2011 வரை `INFOSYSTCH`, பிறகு `INFY`. இதைக் கவனிக்காவிட்டால் கம்ப்யூட்டர் இன்ஃபோசிஸ் 2011-இல் மறைந்துபோனதாக எண்ணிக்கொள்ளும். ஐஎஸ்ஐஎன் எண்ணை நம்பலாம் என்றால், முகமதிப்பைப் பிரிக்கும்போது அதுவும் மாறுகிறது. ஆகவே பெயர் மாற்றப் பட்டியல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு, கோப்பில் திடீரென்று நின்றுபோகும் ஒவ்வொரு பங்கையும் கையால் சரிபார்ப்பதைத் தவிர வழியில்லை.