டெண்டர் கிடைத்த அன்றே தொடங்கும் பணத் தேடல்

அரசு டெண்டர் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்ததும் வீட்டில் இனிப்பு வாங்குவார்கள். காண்ட்ராக்டர் மட்டும் கையில் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருப்பார். வேலைக்கான முதல் பில் பணம் கைக்கு வர இன்னும் இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்கு முன்பே, சில நாள் கெடுவுக்குள், பல லட்ச ரூபாய்க்கு அவர் பிணை காட்டியாக வேண்டும். டெண்டர் போட்ட நாளில் கட்டிய பணமும் இன்னும் திரும்பி வந்திருக்காது.

இந்த இரண்டு பிணைகளும் வேறு வேறு. டெண்டர் போடும்போது கட்டுவது முன்வைப்புத் தொகை. காண்ட்ராக்டர்கள் வாயில் 'இ.எம்.டி.' டெண்டர் கிடைத்த பிறகு, வேலையை ஒழுங்காக முடிப்பேன் என்பதற்குக் கொடுப்பது செயல்திறன் உத்தரவாதம், பேச்சில் 'பி.ஜி.' விலை சொன்னவர் பின்வாங்கக் கூடாது என்பதற்கு முதலாவது. வேலையை எடுத்தவர் பாதியில் விட்டுப் போகக் கூடாது என்பதற்கு இரண்டாவது.

முன்வைப்புத் தொகையை வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் 2003-ல் வந்த ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அறிந்துகொள்ள வேண்டும். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் டெண்டர் ஒன்றில் விலை கொடுத்த கங்கா எண்டர்பிரைசஸ், விலை செல்லுபடியாகும் காலம் முடியும் முன்பே அதைத் திரும்பப் பெற்றது. ஆணையம் பிணைத் தொகையைப் பறிமுதல் செய்தது. ஏற்றுக்கொள்ளப்படும் முன் ஒரு விலையைத் திரும்பப் பெறும் உரிமை சட்டத்தில் இருக்கிறதே என்பது நிறுவனத்தின் வாதம். உரிமை இருக்கலாம், ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குள் பின்வாங்க மாட்டேன் என்ற தனி உறுதிக்காகத்தான் அந்தப் பிணை கொடுக்கப்பட்டது, உறுதியை மீறினால் அதைப் பறிமுதல் செய்யலாம் என்றது நீதிமன்றம். சிமெண்ட் விலை ஏறிவிட்டது, கணக்கில் தவறிவிட்டது என்று பிறகு சொல்லி இ.எம்.டி.யைக் காப்பாற்றிக்கொள்வது கடினம்.

பணம் எப்படி முடங்குகிறது என்பதை ஒரு கணக்கோடு பார்த்தால் தெளிவாகும். சேலத்தில் ஒரு சிறு கட்டட காண்ட்ராக்டர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மத்தியப் பொதுப்பணித் துறையில் 1 கோடி ரூபாய் மதிப்பீடு கொண்ட வேலைகளுக்கு டெண்டர் போடுகிறார். அங்கே இந்த அளவு வேலைக்கு இ.எம்.டி. மதிப்பீட்டில் 2 சதவீதம், அதாவது 2 லட்சம். ஒரே டெண்டரை நம்பி யாரும் உட்கார்ந்திருக்க முடியாது என்பதால் அவர் ஐந்து வேலைகளுக்குப் போடுகிறார். 10 லட்சம் வெளியே போய்விட்டது. இது செலவு இல்லை, திரும்பி வரும் பணம்தான். கணக்குப் புத்தகத்தில் சொத்து என்றே இருக்கும். ஆனால் அந்தச் சொத்தைக் கொண்டு கம்பி வாங்க முடியாது, கொத்தனாருக்குச் சனிக்கிழமைக் கூலி கொடுக்க முடியாது.

மூன்று மாதம் கழித்து அந்தப் பணம் திரும்புகிறது என்று கொள்வோம். ஓ.டி. கணக்கில் 12 சதவீத வட்டிக்கு எடுத்த பணம் என்றால் 30,000 ரூபாய் வட்டி போயிருக்கும். டிமாண்ட் டிராஃப்டாகக் கட்டியிருந்தால் முழுவதும் அவர் தலையில். துறை அதிகாரியின் பெயருக்கு அடகுக் குறிப்பு எழுதிய வைப்பு ரசீதாக, 6.5 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால், அதிலிருந்து 16,250 ரூபாய் திரும்ப வரும். ரசீதை ஏற்கும் துறைகளில் டிராஃப்ட் எடுப்பது இந்த வித்தியாசத்தை வீணாக விட்டுக்கொடுப்பதுதான்.

தோற்ற டெண்டர்களின் இ.எம்.டி. எப்போது திரும்ப வேண்டும்? மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளின்படி, வேலை ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட 30-ஆவது நாளுக்குள். தொழில்நுட்பக் கட்டத்திலேயே நிராகரிக்கப்பட்டவருக்கு, அந்த முடிவு வந்த 30 நாளுக்குள். இந்தத் தேதிகளைக் குறித்து வைத்துக் கடிதம் போடும் சிறு காண்ட்ராக்டர்கள் குறைவு. கேட்டால் அதிகாரி கோபித்துக்கொள்வாரோ என்ற பயம். அது அவருடைய சொந்தப் பணம்; கேட்பதில் தயக்கம் தேவையில்லை.

இனி வெற்றிக்கு வருவோம். ஐந்தில் ஒன்று 90 லட்சத்துக்குக் கிடைக்கிறது. ஒப்பந்தத் தொகையில் 5 சதவீதம், அதாவது நாலரை லட்சத்துக்குச் செயல்திறன் உத்தரவாதம் கேட்கிறார்கள். கெடு தாண்டினால் நாள் ஒன்றுக்கு அந்தத் தொகையில் 0.1 சதவீதம் தாமதக் கட்டணம். இங்கே தினமும் 450 ரூபாய். பி.ஜி. போய்ச் சேர்ந்த பிறகுதான் இந்த வேலைக்கான 2 லட்சம் இ.எம்.டி. விடுபடும். ஆக, பழைய பணம் அங்கே இருக்கும்போதே புதிய பணம் தேட வேண்டும். நெருக்கடியின் உச்சம் இந்த இரண்டு வாரம்தான். நல்ல வேலையைக் கையில் வைத்துக்கொண்டு கந்துவட்டிக்குப் போவது இந்த இடத்தில்தான் நடக்கிறது.

பெரும்பாலோர் பி.ஜி.யைப் பணமாகக் கட்டுவதில்லை, வங்கி உத்தரவாதமாகக் கொடுக்கிறார்கள். முத்திரைத்தாளில் வங்கி எழுதித் தரும் பத்திரம் அது. 'துறை கேட்ட மாத்திரத்தில், எந்த ஆட்சேபமும் சொல்லாமல் பணம் கொடுப்போம்' என்பது அதன் உயிர் வரி. அதற்கு வங்கி இரண்டு விஷயம் கேட்கும்: கமிஷன், மார்ஜின்.

கமிஷன் ஆண்டுக்கு 2 சதவீதம் என்று கொள்வோம். ஒன்பது மாத வேலை. கூடுதலாகக் கேட்கும் காலத்தையும் சேர்த்து உத்தரவாதம் 15 மாதத்துக்கு. நாலரை லட்சத்துக்கு 11,250 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 2,025, மொத்தம் 13,275. தொண்ணூறு லட்சம் வேலையில் இது ஒரு பொருட்டே அல்ல. விலை போடும்போது இதைச் சேர்த்துவிட்டு, கணக்கு முடிந்தது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

உண்மையான சுமை மார்ஜினில் இருக்கிறது. வங்கியில் அடமானம் வைத்து லிமிட் வாங்கியிருப்பவரிடம் 25 சதவீதம், அதாவது 1,12,500 ரூபாய் வைப்பாகக் கேட்கலாம். லிமிட் இல்லாத புதியவரிடம் நாலரை லட்சத்தையும் வைப்பில் போடச் சொல்வார்கள். பணத்தை நேராகத் துறையில் கட்டியதற்கும் இதற்கும் கையிருப்பைப் பொறுத்தவரை வேறுபாடே இல்லை, கமிஷன் வேறு.

லிமிட் உள்ளவருக்கும் தப்பில்லை. 20 லட்சத்துக்கு உத்தரவாத லிமிட் என்றால், இந்த அளவில் நான்கு வேலைகளுக்கு 18 லட்சம் தீர்ந்துவிடும். ஐந்தாவது வேலைக்கு ஆளும் இயந்திரமும் இருந்தாலும் எடுக்க முடியாது. அனுபவமுள்ள காண்ட்ராக்டர் புது டெண்டரைப் பார்க்கும் முன் வங்கியில் எவ்வளவு லிமிட் மிச்சம் என்று பார்ப்பது இதனால்தான்.

வேலை தொடங்கிய பிறகும் பிடித்தம் நிற்பதில்லை. ஒவ்வொரு பில்லிலும் 2.5 சதவீதம் காப்புத் தொகையாக நிறுத்தி வைக்கப்படும். வேலை முடியும்போது அது 2.25 லட்சம், குறை சரிசெய்யும் காலம் முடிந்தால்தான் திரும்பும். பி.ஜி. நாலரை லட்சத்தையும் சேர்த்தால் 6.75 லட்சம். இந்த வேலையில் அவருக்கு லாபம் 8 சதவீதம் என்றால் 7.2 லட்சம். முழு மார்ஜின் கட்டியவருக்கு, வேலை முடிந்த நாளில் லாபம் கிட்டத்தட்ட முழுவதும் வங்கியிலும் துறையிலும் இருக்கிறது, கையில் இல்லை. வருமான வரி இந்த லாபத்துக்குக் காத்திருக்காது.

தாமதம் வந்தால் நிலைமை இன்னும் கடுமை. இடத்தில் இருக்கும் பழைய கட்டடத்தை இடித்துத் தர ஆறு மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தவறு காண்ட்ராக்டருடையது அல்ல. ஆனால் உத்தரவாதத்தின் தேதி நெருங்குகிறது. தேதி முடிந்தால் துறையின் பாதுகாப்பு போய்விடும். அதனால் துறை வங்கிக்கு ஒரு கடிதம் அனுப்பும்: 'கெடுவை நீட்டுங்கள், இல்லையென்றால் பணத்தைக் கொடுங்கள்.' நீட்டினால் மறுபடி கமிஷன், வைப்பு மறுபடி முடக்கம். நீட்டாவிட்டால் பணம் போய்விடும்.

அப்படிப் பணமாக்கும்போது நீதிமன்றத் தடை வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கை வேண்டாம். உத்தரப் பிரதேச கூட்டுறவு சம்மேளனம் தொடர்பான 1987 தீர்ப்பிலிருந்து உச்ச நீதிமன்றம் இதில் ஒரே வழியில் நிற்கிறது: அப்பட்டமான மோசடி, ஈடுசெய்யவே முடியாத இழப்பு போன்ற அரிய நிலைகள் தவிர வங்கி பணம் கொடுத்தே ஆக வேண்டும், யார் பக்கம் நியாயம் என்பது பிறகு. வங்கி கொடுத்த பணம் அன்றே காண்ட்ராக்டரின் கணக்கில் கடனாக ஏறும். அதைக் கட்ட முடியாமல் போனால் கணக்கே வாராக்கடன் ஆகிவிடும்; மற்ற வேலைகளும் அதோடு நிற்கும்.

கொரோனா காலத்தில் இந்த முடக்கத்தின் கனத்தை மத்திய அரசே ஒப்புக்கொண்டது. 2020 நவம்பரில், 5 முதல் 10 சதவீதமாக இருந்த செயல்திறன் உத்தரவாதத்தை 3 சதவீதமாகக் குறைத்தது, இ.எம்.டி.க்குப் பதில் உறுதிமொழிக் கடிதம் போதும் என்றது. 2023-ல் வந்த 'விவாத் சே விஷ்வாஸ்' திட்டத்தில், கொரோனா காலத்தில் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களிடம் பறிமுதல் செய்த பிணைத் தொகைகளில் 95 சதவீதத்தைத் திருப்பிக் கொடுக்க வழி செய்தது. இன்று குறு, சிறு நிறுவனங்களுக்கு இ.எம்.டி. விலக்கு உண்டு. ஆனால் அது பொருள் தயாரிப்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இல்லை, கட்டுமான வேலைக்கும் பொதுவாகக் கிடைப்பதில்லை. உத்யம் சான்றிதழை மட்டும் இணைத்து இ.எம்.டி. கட்டாமல் விட்டு, விலை திறக்கும் முன்பே நிராகரிக்கப்படுபவர்கள் உண்டு. செயல்திறன் உத்தரவாதத்துக்கோ இந்த விலக்கு பொருந்தாது.

2022 ஏப்ரல் முதல் காப்பீட்டு நிறுவனங்களும் பிணைப் பத்திரம் தர அனுமதி இருக்கிறது. வங்கி லிமிட்டைத் தொடாமல் பிணை கொடுக்க அது ஒரு வழி. டெண்டர் ஆவணத்தில் அதை ஏற்பதாக எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். காண்ட்ராக்டரின் கணக்கு வழக்கைக் காப்பீட்டு நிறுவனமும் துருவித்தான் பார்க்கும்.

இந்த முடக்கத்தில் காண்ட்ராக்டரின் கைக்குள் இருக்கும் பகுதி ஒன்று உண்டு. வேலை முடிந்ததும் நிறைவுச் சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும். அதைக் காட்டி, வங்கி உத்தரவாதத்தின் அசல் பத்திரத்தைத் துறையிடமிருந்து எழுத்துமூலம் திரும்பப் பெற வேண்டும். அசல் வந்து சேராதவரை, கோரிக்கைக் கெடு முடியும்வரை வங்கி மார்ஜின் வைப்பை விடாது. வேலை முடித்துச் சாவி கொடுத்த அன்றே அந்தக் கடிதத்தையும் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.