மாடிச் சன்னலும் முற்றமும்: பக்கத்து வீட்டாருக்கு ஒரு கடிதம்

முற்றம் உள்ள பழைய வீட்டுக்குப் பக்கத்தில் மாடி எழும்பினால் முதலில் உறுத்துவது அதன் சன்னல்தான். குளிப்பது, துணி உலர்த்துவது, பெரியவர்கள் கட்டிலைப் போட்டுப் படுப்பது எல்லாம் முற்றத்தில்தான் நடக்கும். ஆனால் "சன்னலின் உயரத்தைக் குறையுங்கள்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கொத்தனார் மேற்பகுதியைக் குறைத்துவிட்டால் பார்வை அப்படியேதான் இருக்கும்.

மாடிச் சன்னல் பொதுவாகத் தரையிலிருந்து மூன்றடியில் தொடங்கி ஏழடியில், லின்டலுக்கு அடியில், முடியும். நிற்பவரின் கண் ஏறத்தாழ ஐந்தடியில் இருக்கும். அங்கிருந்து பார்த்தால் கீழே முற்றம் முழுவதும் தெரியும். கட்டிலில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாதி தெரியும். ஆகவே அடிமட்டத்தை, கொத்தனார்கள் சொல்லும் சில் மட்டத்தை, ஐந்தரை அடிக்கு உயர்த்தக் கேட்க வேண்டும். கீழே இரண்டரை அடியைச் செங்கல் வைத்து அடைத்தால் ஒன்றரை அடி மிஞ்சும். அறைக்குள் வெளிச்சம் வரும், சூடான காற்றும் வெளியேறும். அடைக்க மனமில்லை என்றால் அந்த இரண்டரை அடிக்குத் திறக்க முடியாத மங்கல் கண்ணாடி போடலாம். திறக்கும் கதவாக இருந்தால் கண்ணாடி மங்கலாக இருந்தும் பயனில்லை.

கடிதம் இப்படி இருக்கலாம்:

"அன்புள்ள அண்ணனுக்கு, உங்கள் மாடி நன்றாக வருவதில் எங்களுக்கும் மகிழ்ச்சி. கிழக்குச் சன்னல் எங்கள் முற்றத்துக்கு நேராக அமைந்திருக்கிறது. வீட்டுப் பெண்கள் புழங்கும் இடம் அது. சன்னலின் அடிமட்டத்தை ஐந்தரை அடிக்கு உயர்த்தித் தரக் கேட்டுக்கொள்கிறேன். லின்டலில் கை வைக்க வேண்டியதில்லை. அடைக்கும் செலவை நான் ஏற்கிறேன். பூச்சு வேலைக்கு முன் கொத்தனாரோடு சேர்ந்து பார்த்துப் பேசலாமா? ஒருமுறை எங்கள் முற்றத்தில் வந்து நின்று பாருங்கள்."

மிரட்டல் இதில் இல்லாததற்குக் காரணம் உண்டு. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், ஊர் வழக்கமாக நிலைத்திருந்தால் மட்டுமே பார்வை மறைப்பை உரிமையாக ஏற்கிறது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 1888-இல் கோகல் பிரசாத் வழக்கில் அப்படியொரு வழக்கத்தை ஒப்புக்கொண்டது. சென்னை மாகாணத்திலோ அப்படியொரு பொது உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. வேண்டுமானால் உங்கள் நிலத்தில் மறைப்பு எழுப்பிக்கொள்ளலாம் என்பதே நிலை. மாடி உயரத்துக்குச் சுவர் எழுப்பினால் முற்றம் இருண்டுவிடும். எல்லைச் சுவரை ஒட்டி, விட வேண்டிய இடைவெளி விடாமல் சன்னல் வைத்திருந்தால் மட்டும் உள்ளாட்சி அலுவலகத்தில் வரைபட அனுமதியைக் காட்டச் சொல்லிப் புகார் தரலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. இருபது ஆண்டுகள் தடையின்றி வெளிச்சம் பெற்ற சன்னலுக்கு அந்த வெளிச்சம் உரிமையாகிவிடும்; பிறகு உங்கள் இடத்தில்கூட அதை மறைத்துக் கட்டுவது கடினம். சட்டம் தரும் துணை இவ்வளவுதான் என்பதால் கடிதம் நயமாக இருக்கட்டும். சட்டகம் பதித்துப் பூச்சு முடிவதற்குள் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.