தூணுக்குள் எத்தனை ரிங்?

1971 பிப்ரவரி 9 அதிகாலையில் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே நிலம் அதிர்ந்தபோது, அங்கிருந்த ஆலிவ் வியூ மருத்துவமனையின் புதுக் கட்டடம் திறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அதன் கீழ்த்தளத் தூண்கள் இரண்டு வகை. மூலைத் தூண்களில் தனித்தனிக் கம்பி வளையங்களைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருந்தார்கள். மற்ற பல தூண்களில் கம்பியை நெருக்கமான சுருளாகச் சுற்றியிருந்தார்கள். அதிர்வு நின்றபின் பார்த்தால், மூலைத் தூண்கள் நொறுங்கிக் கிடந்தன. சுருள் தூண்களிலோ வெளிக் கான்கிரீட் உதிர்ந்து போயிருந்தது, தூணே சாய்ந்தும் இருந்தது. ஆனாலும் சுருளுக்குள் இருந்த கான்கிரீட் கலையாமல் மேல்மாடிகளைச் சுமந்து நின்றது. ஒரே கட்டடம், ஒரே அதிர்வு.

அதே பாடத்தை இந்தியா 2001 ஜனவரி 26 அன்று கற்றது. கட்ச் பகுதியில் மையம் கொண்ட நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. பெரும்பாலும் தரைத்தளத்தை வண்டி நிறுத்தத் திறந்து விட்டிருந்த கட்டடங்கள் அவை. தூண்களின் உச்சியிலும் அடியிலும் ரிங்குகள் அரிதாக இருந்ததையும், அவற்றின் கொக்கிகள் விரிந்து கிடந்ததையும் பார்வையிட்ட பொறியாளர்கள் பதிவு செய்தார்கள். அகமதாபாத் இருப்பது நிலநடுக்க வரைபடத்தின் மூன்றாம் மண்டலத்தில். 2002-இல் வந்த திருத்தத்தில் சென்னையும் அதே மண்டலத்துக்கு வந்தது.

கட்டடம் பக்கவாட்டில் ஆடும்போது தூண் மேலும் கீழும் எதிரெதிர்த் திசையில் வளைகிறது. வளைக்கும் விசை பீம் சேரும் இடத்தில் உச்சத்தில் இருக்கும். தூணின் நடுவே அது ஏறக்குறைய பூஜ்யம். ஆக, அடிபடுவது இரண்டு முனைகளும்தான். அங்கே அழுந்தும் கான்கிரீட் பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும், நெடுக்குக் கம்பிகள் வெளியே வளையப் பார்க்கும். மாட்டுவண்டிச் சக்கரத்தின் மரத்தை இரும்புப் பட்டா பிடித்து வைப்பதுபோல் இரண்டையும் உள்ளே பிடித்து வைப்பவை ரிங்குகள். இரண்டு ரிங்குகளுக்கு இடையே தூரம் கூடினால், அந்த இடைவெளியிலேயே கம்பி வளைந்து தூண் நொறுங்கிவிடும்.

இதற்கான இந்திய விதி ஐ.எஸ். 13920, அதன் 2016 பதிப்பு. மூன்றாம் மண்டலத்துக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் அது பொருந்தும். ஒரு சாதாரண வீட்டுத் தூணை வைத்தே எண்ணிப் பார்க்கலாம். தூண் 300 மி.மீ.க்கு 300, உள்ளே 16 மி.மீ. கம்பிகள் எட்டு. ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு 3,150 மி.மீ. பீமின் ஆழம் 450. ஆகவே தரை மட்டத்திலிருந்து பீமின் அடிப்பாகம் வரை தூணின் வெற்று உயரம் 2,700.

முதலில், நெருக்கமாகக் கட்ட வேண்டிய பகுதி எவ்வளவு நீளம்? தூணின் பெரிய பக்கம், வெற்று உயரத்தில் ஆறில் ஒரு பங்கு, 450 மி.மீ. ஆகிய மூன்றில் எது பெரிதோ அது. இங்கே 300, 450, 450. ஆக, மேலே 450, கீழே 450, நடுவே மிச்சம் 1,800.

அடுத்து இடைவெளி. முனைகளில் தூணின் சிறிய பக்கத்தில் கால் பங்கு, மெல்லிய நெடுக்குக் கம்பியின் விட்டத்தைப் போல் ஆறு மடங்கு, 100 மி.மீ. ஆகிய மூன்றில் எது சிறிதோ அதைத் தாண்டக் கூடாது. 75, 96, 100 என்று வருவதால் விடை 75, அதாவது மூன்று இஞ்ச். நடுப்பகுதியில் சிறிய பக்கத்தில் பாதி வரை போகலாம்: 150, ஆறு இஞ்ச். தூண் முழுக்க ஆறு இஞ்சுக்கு ஒன்று என்ற பழக்கம் நடுப்பகுதிக்கு மட்டுமே சரி.

இப்போது எண்ணிக்கை. கீழ் 450-இல் ஆறு இடைவெளி, நடு 1,800-இல் பன்னிரண்டு, மேல் 450-இல் ஆறு. மொத்தம் 24 இடைவெளி என்றால் ரிங் 25. ஒவ்வொரு பகுதியையும் தனியாக எண்ணி 7, 13, 7 என்று கூட்டினால் 27 வந்துவிடும், ஏனென்றால் எல்லையில் நிற்கும் இரண்டு ரிங்குகள் இருமுறை எண்ணப்படுகின்றன. இடைவெளிகளை முதலில் கூட்டிவிட்டுக் கடைசியில் ஒன்று சேர்ப்பதே பிசகாத வழி.

ஆனால் கணக்கு 25-இல் முடியவில்லை. பீமும் தூணும் குறுக்கிடும் அந்த 450 மி.மீ. உயரத்துக்குள்ளும் ரிங் தொடர வேண்டும். 75 இடைவெளியில் அங்கே இன்னும் ஐந்து. ஆகத் தளத்துக்கு 30. சைட்டில் அதிகம் விட்டுப்போவது இந்த ஐந்துதான். தூணைப் பீமின் அடிமட்டம் வரை கான்கிரீட் போட்டுவிட்டுப் பிறகு பீம் கம்பி கட்டுவார்கள். பீம் கம்பிகள் நாலு பக்கமும் குறுக்கே வந்தபின் மூடிய வளையத்தை நுழைக்கவே முடியாது. பீம் கம்பி வருமுன் ஐந்தையும் தூண் கம்பிகளில் மாட்டிக் கீழே இறக்கி வைத்துவிட்டு, பிறகு உயர்த்திக் கட்ட வேண்டும். மெனக்கெட்ட வேலைதான், இருந்தும் தவிர்க்கவே கூடாதது. நாலு பக்கமும் அகலமான பீம்கள் வந்து அணைக்கும் சந்திப்பில் மட்டும் விதி கொஞ்சம் தளர்வு தருகிறது.

முழுத் தூணுக்கும் 150 என்றால் 3,150-க்கு 21 ரிங். வித்தியாசம் ஒன்பது. 10 மி.மீ. கம்பியில், ஒரு ரிங்குக்குச் சுமார் ஒரு மீட்டர் என்று வைத்தால் ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ இரும்பு. குறுக்குக் கொக்கிகள் தனி. ரிங் என்றாலே 8 மி.மீ. என்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் முனைகளில் எவ்வளவு தடிமன் வேண்டும் என்பதற்குத் தனிச் சூத்திரம் உண்டு. இப்படிச் சிறிய தூண்களில் அது 8-ஐத் தாண்டி 10 கேட்பது சகஜம்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் ஏமாற்றக்கூடியது கொக்கி. ரிங்கின் இரு முனைகளையும் 90 டிகிரியில் மடக்கி விட்டால், வெளிக் கான்கிரீட் உதிர்ந்த கணமே அது திறந்துகொள்ளும். 135 டிகிரிக்கு மடக்கி, முனை குறைந்தது 65 மி.மீ. நீளத்துக்குத் தூணின் உட்புறம் நீட்டியிருக்க வேண்டும். அருகில் போய் ஒரு ரிங்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: முனைகள் பக்கக் கம்பியை ஒட்டிப் படுத்திருந்தால் தவறு, மூலையிலிருந்து தூணின் நடுவை நோக்கிச் சாய்ந்திருந்தால் சரி. கொக்கி விழும் மூலையையும் ரிங்குக்கு ரிங் மாற்ற வேண்டும்.

கம்பியை இணைக்கும் இடமும் எண்ணிக்கையை மாற்றுகிறது. தளம் போட்ட உடனே, தரையை ஒட்டியே மேல் கம்பியை ஒட்டு வைத்துக் கட்டுவது பரவலான பழக்கம். அதிகம் அடிபடும் இடத்திலேயே இணைப்பும் விழுகிறது. விதி அதை உயரத்தின் நடுப் பாதிக்குள் மட்டுமே அனுமதிக்கிறது. இணைப்பு நீளம் முழுவதும் ரிங் இடைவெளி 100-ஐத் தாண்டக் கூடாது. நம் தூணின் நடுவே 800 மி.மீ. இணைப்பு வந்தால் அதில் எட்டு இடைவெளி, அதற்கு மேலும் கீழும் மிஞ்சும் 500-க்கு நந்நான்கு. பன்னிரண்டு இடைவெளி பதினாறாகிறது, 30 ரிங் 34 ஆகிறது.

இவற்றைச் சரிபார்க்கக் கிடைக்கும் நேரம், கம்பி கட்டி முடித்ததற்கும் பலகை அடைப்பதற்கும் நடுவே உள்ள சில மணி நேரம்தான். நெடுக்குக் கம்பியில் 450 மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து, டேப்பை நிறுத்திப் படம் எடுத்து, ரிங்குகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். கட்டுக் கம்பி தளர்ந்திருந்தால் கான்கிரீட் கொட்டும்போது மேல் ரிங்குகள் சரிந்து கீழே குவியும் என்பதால், உச்சியில் உள்ளவற்றைக் கையால் ஆட்டிப் பார்ப்பது நல்லது. மாடிப்படியின் இடைத்தளப் பீம் வந்து முட்டும் தூணில் இந்த மேல், நடு, கீழ் பிரிப்பே கிடையாது. அது குட்டைத் தூணாகி அதிக விசையை இழுத்துக்கொள்ளும் என்பதால் அடியிலிருந்து உச்சி வரை எல்லாமே மூன்று இஞ்ச்தான். அஸ்திவாரத்துக்குள்ளும் குறைந்தது 300 மி.மீ. வரை அதே நெருக்கம் இறங்க வேண்டும்.