முன்பதிவு செய்த கருவி வரவில்லை: கெடு எந்தத் தேதியில் தொடங்குகிறது?

2016 பிப்ரவரியில் நொய்டாவைச் சேர்ந்த ரிங்கிங் பெல்ஸ் என்ற நிறுவனம் 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் தருவதாக அறிவித்தது. முன்பதிவுக்கு முண்டியடித்த கூட்டத்தில் அதன் இணையதளமே முடங்கியது. அந்த விலைக்கு போன் செய்யவே முடியாது என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் கேள்வி எழுந்ததும், முன்பணம் கட்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டதாகவும் இனி பொருள் கைக்கு வந்த பிறகு காசு கொடுத்தால் போதும் என்றும் நிறுவனம் சொன்னது. அது நாடே பார்த்துக்கொண்டிருந்த விவகாரம். நம்மில் பெரும்பாலோர் மாட்டுவது அப்படிப்பட்ட பரபரப்பில் அல்ல. பொருள் கொஞ்சம் தாமதம் என்று ஒரு மின்னஞ்சல், இன்னொரு மின்னஞ்சல், பிறகு மௌனம். அந்த மௌனத்துக்குள்தான் பணத்தை மீட்கும் கெடு ஓசையில்லாமல் கழிந்துபோகிறது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். சேலத்தில் ஒரு கல்லூரி ஆசிரியை, கையால் எழுதக்கூடிய ஒரு மின்தாள் டேப்லெட்டை 2025 பிப்ரவரி 10 அன்று முன்பதிவு செய்து, 24,990 ரூபாயை கிரெடிட் கார்டில் முழுதாகக் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மே 31-க்குள் அனுப்புவோம் என்று விற்பனைப் பக்கம் சொல்கிறது. மே முடிகிறது, பொருள் இல்லை. ஜூன் முதல் வாரத்தில், உதிரிபாகம் வரத் தாமதம், ஆகஸ்ட் 31-க்குள் கட்டாயம் வந்துவிடும் என்று ஒரு மின்னஞ்சல் வருகிறது. அதன்பின் எந்தக் கடிதத்துக்கும் பதில் இல்லை.

அவருக்கு உள்ள வழிகளில் வேகமானது கார்டு வழிதான். வாங்கிய பொருள் வரவில்லை என்று கார்டு வழங்கிய வங்கியிடம் புகார் தந்தால், வங்கி அதை விற்பனையாளரின் வங்கியிடம் எழுப்பிப் பணத்தைத் திரும்பக் கேட்கும். இதற்கு சார்ஜ்பேக் என்று பெயர். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதற்குப் பொதுவான கெடு 120 நாள். பலர் சறுக்கும் இடம் இதுதான்: பணம் கட்டிய நாளிலிருந்து எண்ணி, கெடு முடிந்துவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். பொருள் வரும் என்று கடைசியாகச் சொல்லப்பட்ட தேதியிலிருந்துதான் அந்த 120 நாள் ஓடுகிறது. ஆனால் எவ்வளவு தள்ளிப்போட்டாலும், பணம் கட்டிய நாளிலிருந்து 540 நாளைத் தாண்ட முடியாது.

ஆசிரியையின் கணக்கில் மே 31-லிருந்து எண்ணினால் கெடு செப்டம்பர் 28. விற்பனையாளரே ஆகஸ்ட் 31 என்று எழுதிக் கொடுத்துவிட்டதால் அது டிசம்பர் 29-க்கு நகர்கிறது. வெளி எல்லை 2026 ஆகஸ்ட் 4. ஆகவே தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு வந்த அந்த மின்னஞ்சலை எரிச்சலில் அழித்துவிடக் கூடாது. கெடுவை நீட்டித்தது அதுதான். ஆனாலும் செப்டம்பர் 28-ஐயே தன் கெடுவாக வைத்துக்கொள்வது அவருக்கு நல்லது. எந்தத் தேதியை எடுத்துக்கொள்வது என்று வங்கி ஊழியரிடம் வாதாட வேண்டிய நிலையே அப்போது வராது.

பேபால் வழியாக வெளிநாட்டுக் கடையில் கட்டியவர்களுக்கு வேறு கணக்கு. அங்கே புகாருக்கான 180 நாள் பணம் கட்டிய தேதியிலிருந்தே ஓடுகிறது. எட்டு மாதம் கழித்து வரும் பொருளுக்கு முன்பதிவு செய்தால், பொருள் வர வேண்டிய நாளுக்கு முன்பே அந்தக் கதவு மூடிவிடும். கடையின் வாக்குறுதியை நம்பிக் காத்திருப்பவருக்கு இந்த விதி எந்தச் சலுகையும் காட்டாது.

கிக்ஸ்டார்ட்டர் போன்ற கூட்டு நிதித் தளங்களை முன்பதிவுக் கடை என்று நினைப்பது இன்னொரு கண்ணி. அங்கே கட்டுவது ஒரு திட்டத்துக்குத் தரும் ஆதரவு. தங்கள் தளம் கடை அல்ல என்று அவர்களே சொல்கிறார்கள். 2014-இல் ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு மேல் திரட்டிய கூலஸ்ட் கூலர் என்ற குளிர்பெட்டித் திட்டம், 2019-இல் ஆயிரக்கணக்கானோருக்குப் பெட்டி கொடுக்காமலேயே கடையைக் கட்டியது. அதில் போட்ட பணத்தைத் திரும்பக் கேட்கும் வழி மிகக் குறுகலானது.

இனி கடிதங்கள். முதல் கடிதம் விற்பனையாளருக்கு. விற்பனையாளரிடம் முதலில் கேட்டீர்களா என்று வங்கி கேட்கும். அதற்குச் சான்று இந்தக் கடிதம்தான். கோபம், சாபம், சமூக ஊடக மிரட்டல் எதுவும் இதில் வேண்டாம். பிற்பாடு இதைப் படிக்கப்போவது வங்கி அதிகாரியோ நுகர்வோர் ஆணையமோ என்று நினைத்துக்கொண்டு எழுத வேண்டும். விற்பனையாளர் எந்த மொழியில் ஆர்டரை உறுதிசெய்தாரோ அதே மொழியில் அனுப்பலாம். சாரம் இப்படி இருக்கட்டும்:

“10.02.2025 அன்று உங்கள் தளத்தில் இந்த ஆர்டர் எண்ணில் டேப்லெட் ஒன்றை முன்பதிவு செய்து, 24,990 ரூபாயை கார்டில் செலுத்தினேன். 31.05.2025-க்குள் அனுப்புவதாகச் சொன்னீர்கள். பின்னர் அதை 31.08.2025 என்று மாற்றினீர்கள். இன்றுவரை பொருள் வரவில்லை. என் இரண்டு மின்னஞ்சல்களுக்குப் பதிலும் இல்லை. ஆகவே இந்த ஆர்டரை ரத்து செய்கிறேன். இனி பொருளை அனுப்ப வேண்டாம். முழுத் தொகையையும் நான் செலுத்திய அதே கார்டுக்கு 15.09.2025-க்குள் திருப்பி அனுப்புங்கள். கடைக் கூப்பனோ வேறு பொருளோ எனக்கு வேண்டாம். அந்தத் தேதிக்குள் பணம் வராவிட்டால் என் வங்கியிடமும் நுகர்வோர் ஆணையத்திடமும் முறையிடுவேன்.”

இதில் உயிர்நாடி “ரத்து செய்கிறேன்” என்ற வரி. என் பொருள் எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், வாடிக்கையாளர் இன்னும் காத்திருக்கத் தயார் என்று விற்பனையாளர் வங்கியிடம் வாதிட முடியும். விற்பனைப் பக்கத்தில் அனுப்பும் தேதியே போடாமல் “விரைவில்” என்று மட்டும் இருந்திருந்தால், இந்தக் கடிதத்தில் நீங்களே ஒரு நியாயமான தேதியைக் குறித்துக் கொடுங்கள். தேதி இல்லாத ஆர்டருக்கு எழுத்தில் இருக்கும் முதல் தேதி அதுவாக இருக்கும்.

இந்திய நிறுவனம் என்றால், அதன் தளத்தில் குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பும் இருந்தாக வேண்டும். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சொன்ன காலத்தைத் தாண்டித் தாமதமாக வந்த பொருளுக்குப் பணத்தைத் திருப்பித் தர விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் உண்டு. இயற்கைப் பேரிடர் போன்ற, அவர் கையில் இல்லாத காரணங்களுக்கு மட்டும் விலக்கு. தாமதமாக வந்ததற்கே அந்த விதி என்றால், வராமலே போனதற்குச் சொல்லவேண்டியதில்லை. எனவே கடிதத்தின் ஒரு பிரதியை அந்த அலுவலருக்கும் அனுப்புங்கள்.

இரண்டாவது கடிதம் வங்கிக்கு. தொனி முற்றிலும் வேறு. விற்பனையாளர் மோசடிக்காரர் என்று வங்கியிடம் நிறுவ வேண்டியதில்லை. அப்படி எழுதினால் ஆபத்தும் உண்டு: உங்களுக்குத் தெரியாமல் கார்டு பயன்படுத்தப்பட்டது என்ற வகையில் புகார் பதிவாகிவிடலாம். நீங்களே ஓடிபி போட்டுக் கட்டிய பணம் என்பதால் அந்த வகைப் புகார் உடனே தள்ளுபடியாகும். படிவத்தில் பொருள் கிடைக்கவில்லை என்ற காரணத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கடிதம் சுருக்கமாக இருக்கலாம்:

“என் கார்டில் 10.02.2025 அன்று நடந்த 24,990 ரூபாய் பரிவர்த்தனைக்கான பொருள் எனக்குக் கிடைக்கவில்லை. பரிவர்த்தனை நான் செய்ததே. பொருள் வரவேண்டிய தேதி முதலில் 31.05.2025, பின்னர் 31.08.2025. விற்பனையாளரிடம் எழுத்து மூலம் ஆர்டரை ரத்து செய்து பணம் கேட்டேன், 15.09.2025 வரை பதில் இல்லை. சார்ஜ்பேக் கோருகிறேன். ஆர்டர் உறுதிச் சீட்டு, அனுப்பும் தேதி தெரியும் பக்கத்தின் படம், தேதியை மாற்றிய மின்னஞ்சல், என் ரத்துக் கடிதம் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.”

அந்தப் பக்கத்தின் படத்தை முன்பதிவு செய்யும் அன்றே எடுத்துவைப்பது நல்லது. தேதி தவறியதும் கடைகள் அந்த வரியைச் சத்தமில்லாமல் மாற்றிவிடுவதுண்டு. எடுக்கத் தவறியிருந்தால் web.archive.org தளத்தில் அந்தப் பக்கத்தின் பழைய பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். புகார் எண்ணை வாங்காமல் தொலைபேசியை வைக்காதீர்கள்.

வங்கி சில நாளில் தொகையைக் கணக்கில் வரவு வைக்கலாம். அது தற்காலிக வரவுதான். விற்பனையாளர் பதில் தாக்கல் செய்து அது ஏற்கப்பட்டால் மீண்டும் கழிந்துவிடும். மாதக்கணக்கில் வாய் திறக்காத விற்பனையாளர் பேசத் தொடங்குவதும் இப்போதுதான். “புகாரைத் திரும்பப் பெறுங்கள், நாங்களே பணம் அனுப்புகிறோம்” என்று கனிவாக எழுதுவார். சம்மதிக்காதீர்கள். திரும்பப் பெற்ற புகாரை மறுபடி திறப்பது கடினம். அதற்குள் கெடுவும் போயிருக்கும். பணம் கணக்கில் விழுந்த பிறகு நானே புகாரை முடிக்கிறேன் என்று பதில் எழுதினால் போதும். வேறு சிலர் ஒரு டிராக்கிங் எண்ணைக் காட்டி, பொருள் சேர்ந்துவிட்டது என்பார்கள். கூரியர் நிறுவனத்திடம் அந்தப் பொட்டலத்தின் எடை, சேர்ந்த பின்கோடு, கையெழுத்து ஆகியவற்றைக் கேளுங்கள். ஐம்பது கிராம் உறைக்குள் டேப்லெட் இருக்க முடியாது.

இஎம்ஐயில் வாங்கியிருந்தால், புகார் நடக்கும்போதும் தவணை ஓடும். கோபத்தில் கட்டாமல் நிறுத்தினால் உங்கள் கடன் மதிப்பெண்தான் அடிவாங்கும். டெபிட் கார்டுக்கும் சார்ஜ்பேக் உண்டு. யுபிஐயில் வணிகரின் கணக்குக்குக் கட்டியிருந்தால், அந்தச் செயலியில் குறிப்பிட்ட பரிவர்த்தனையைத் திறந்து புகார் பதிந்து, பிறகு வங்கியிடம் போகலாம். தனிநபர் எண்ணுக்கு அனுப்பிய பணம்தான் மிகச் சிக்கல்; அங்கே விற்பனையாளரே காணாமல் போயிருந்தால் 1930 என்ற எண்ணிலோ cybercrime.gov.in தளத்திலோ மோசடிப் புகார் கொடுப்பதே வழி.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ காரணமின்றி மறுத்தாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகப் போகலாம். ஆனால் அவர் பார்ப்பது வங்கி தன் வேலையைச் சரியாகச் செய்ததா என்பதைத்தான். விற்பனையாளரை விசாரிக்க மாட்டார். விற்பனையாளருக்கு எதிரான வழி வேறு. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அது நீதிமன்றம் அல்ல, ஆனால் பெயருக்கு அஞ்சும் நிறுவனங்கள் பல அங்கேயே இறங்கி வந்துவிடும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்பனையாளர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. கெடு இரண்டு ஆண்டு. வெளிநாட்டுச் சிறு கடை என்றால் தீர்ப்பு கிடைத்தாலும் அதை நிறைவேற்றுவது கடினம்; அங்கே கார்டு வழியைத்தான் நம்ப வேண்டும்.

எல்லாம் முடிந்து பணமும் வந்த பிறகு, ஒருநாள் அந்த டேப்லெட்டே வாசலில் வந்து இறங்குவதும் உண்டு. இலவசம் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. பிரிக்காமல் படம் எடுத்துவைத்து, வங்கிக்கும் விற்பனையாளருக்கும் அன்றே எழுதுங்கள்: ரத்து செய்த பொருள் வந்திருக்கிறது, உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று.