ஒரே விலை எழுதினால் யாருக்கு நட்டம்?

பள்ளிச் சீருடைக்கு விலை கேட்டால், "சட்டை ஒன்றுக்கு 280 ரூபாய்" என்று ஒரே வரியில் கடிதத்தை முடித்துவிடும் தையற்காரர்கள் உண்டு. வம்பு அங்கேதான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் துணி போதும். பத்தாம் வகுப்புக்கு இரண்டு மீட்டர் வரை போகும். மீட்டர் 100 ரூபாய் என்றால் துணியிலேயே 100 ரூபாய் வித்தியாசம். கூலி, பட்டன், கேன்வாஸ், லாபம் எல்லாம் 130 என்று வைத்தால் சின்னது 230, பெரியது 330. சராசரி 280தான், ஆனால் பெரிய பிள்ளைகள் அதிகமென்றால் கையைக் கடிக்கும். எனவே அளவுவாரியாக விலை எழுதுங்கள். துணி யாருடையது, ஜி.எஸ்.டி. சேர்ந்ததா, முன்பணம் எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுங்கள். மாதிரிச் சட்டைக்குப் பள்ளியின் ஒப்புதல் கையெழுத்து வாங்காமல் துணியில் கத்தரி வைக்காதீர்கள்.